இரண்டாவது கருவி

அலுவலகத்தில் அவளுக்கு டிங்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. பார்சல் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனத்தின் ஆப்பில், "உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது", "பக்கத்துத் தெருவில் இருக்கிறது" என்று 'டிங்' சத்தத்தோடு போனில் வந்து விழும் அந்த இரண்டு வரிச் செய்திகளை எழுதுவது அவள்தான். எழுதுவது மட்டுமல்ல. எந்தச் செய்தியோடு எந்தப் படம் வரவேண்டும், கீழே என்னென்ன பட்டன் இருக்கவேண்டும், எந்தப் பட்டனைத் தொட்டால் ஆப்பின் எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நாட்டில் பாதிப் பேரின் சட்டைப்பையில் அவள் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் அவள் வாயைத் திறந்து பல வருஷம் ஆகியிருந்தது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

புருஷன் தினமும் அடிக்கிறவன் இல்லை. அப்படி இருந்திருந்தால் சீக்கிரமே கிளம்பியிருப்பேன் என்று பிற்பாடு சொன்னாள். அவன் கணக்குக் கேட்கிறவன். பஸ் இத்தனை மணிக்கு, நடந்து வர இவ்வளவு நேரம், மீதி நேரம் எங்கே போனாய் என்பான். சத்தம் போடமாட்டான். பதில் பிடிக்காவிட்டால் அவள் போனை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் படிப்பான். ஒருநாள் படித்து முடித்தவன், அவள் கை கதவிடுக்கில் இருக்கும்போது கதவைச் சாத்தினான். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில், "காத்துல சாத்திக்கிச்சு டாக்டர்" என்று அவனே சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

கட்டுப் பிரித்த வாரம் அவள் கிளம்பினாள். நிறுவனத்துக்குப் பல ஊர்களில் அலுவலகம் உண்டு. மேலாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகளை நேரே பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். புது ஊர், புது போன், புது எண். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. பேங்க், மின்னஞ்சல், குழந்தையின் பள்ளி என்று எல்லா இடத்திலும் கடவுச்சொல்லை மாற்றினாள். வேலை பார்க்கும் நிறுவனம் அவனுக்குத் தெரியும், ஊர் தெரியாது. வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம்கூட, யார் கேட்டாலும் அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. மகளுக்கு ஒன்பது வயது. தரையில் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

"அம்மா, எல்லாரும் மேசையில எழுதுறாங்க. நான் மட்டும் பல்லி மாதிரி எழுதுறேன்" என்றாள் ஒருநாள்.

டிங்கு சிரித்துவிட்டாள். அன்றைக்கே, வந்ததிலிருந்து முதல் தடவையாக, தன் நிறுவனத்தின் ஆப் வழியாகவே ஒரு சின்ன மேசை வரவழைத்தாள். அதுவரை எல்லாமே கடையில் நேரில்தான் வாங்கியிருந்தாள்.

மேசை வந்த அன்று மதியம் அவள் அலுவலகத்தில் இருந்தாள். போன் 'டிங்' என்றது. அவளே எழுதிய வரி: "உங்கள் மேசை வந்துவிட்டது. வாசலில் பத்திரமாக இருக்கிறது." கீழ்நோக்கி இழுத்து விரித்ததும் படம் அகலமாகத் திறந்தது. அவள் வீட்டுப் பழுப்புக் கதவு, கதவில் எண், மிதியடி, சாய்த்து வைத்த அட்டைப்பெட்டி. படத்தை ஓரம் வெட்டாமல் அகலமாகக் காட்டவேண்டும், தங்கள் வாசலைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கூட்டத்தில் வாதாடியவள் அவள்தான். அது உண்மையென்று இப்போது தெரிந்தது. படத்துக்குக் கீழே இரண்டு பட்டன்: 'கிடைத்தது', 'இடம் பார்'.

போனை எடுத்துக்கொண்டு தபால்காரரிடம் ஓடினாள். தபால்காரர் என்றால் தபால் கொடுப்பவர் அல்ல. இந்தச் செய்திகளையெல்லாம் அனுப்பும் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர். ஐம்பதைத் தாண்டியவர். நாளைக்கு இத்தனை லட்சம் செய்தி பட்டுவாடா செய்கிறோமே, ஒரு சைக்கிள்கூடக் கொடுக்கவில்லையே என்று புலம்புவார். அதனால் வந்த பெயர்.

"அண்ணா, பாருங்க. நம்ம மெசேஜ் எனக்கே வந்திருக்கு!"

"அடேயப்பா! சமைச்சவங்களே சாப்பிட்டுப் பாக்குறீங்களா?" என்று சிரித்தபடி அவர் திரையில் அவள் ஆர்டர் எண்ணைத் தட்டினார். "எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பாப்போம். இதோ, அனுப்பினது. இதோ, உங்க போன் வாங்கிக்கிட்டது. ரெண்டு செகண்ட். நல்லாத்தான் ஓடுது." பிறகு கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டார். "இன்னொண்ணு இன்னும் வாங்கல போலிருக்கு."

"எது இன்னொண்ணு?"

"உங்க கணக்குல ரெண்டு கருவி இருக்கேம்மா. ஒண்ணு இந்த போன். இன்னொண்ணு ஏதோ டேப்லட். அதுக்கும் அனுப்பியிருக்கோம். அது ஆஃப்ல கிடக்கு போல, வாங்கினதா பதில் வரல."

டிங்குவுக்கு அந்தச் சொல் மட்டும்தான் முதலில் கேட்டது. அப்புறம்தான் விஷயம் உள்ளே இறங்கியது.

டேப்லட். பழைய வீட்டு அடுக்களையில், மாமியார் நாடகம் பார்க்கிற டேப்லட். புது ஆப்பைப் பெரிய திரையில் பார்ப்பதற்காக என்றைக்கோ அதில் தன் கணக்கைப் போட்டு வைத்தாள். மற்ற எல்லா இடத்திலும் கடவுச்சொல் மாற்றினாளே, இந்த ஆப்பில் கடவுச்சொல் என்று ஒன்றே கிடையாது. எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், போட்டால் திறக்கும், அவ்வளவுதான். கணக்கில் எண்ணை மட்டும் மாற்றினாள். எண் மாறியதே தவிர, ஏற்கெனவே உள்ளே இருந்த கருவி எதுவும் வெளியே போகவில்லை.

"அண்ணா," என்றாள். "அது அவர் வீட்ல இருக்கு."

தபால்காரருக்கு அவள் கதை அரைகுறையாகத் தெரியும். யார், எவர் என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இன்னும் போய்ச் சேரல. அதை ஞாபகத்துல வச்சுக்கோ."

"நம்ம பக்கத்துல அந்த டேப்லட்டை எடுத்துட்டா?"

"எடுத்தா இனிமே போறதுதான் நிக்கும். இது நம்ம கையை விட்டுப் போயாச்சு. போன் கம்பெனிக்காரங்க வரிசையில காத்துக்கிட்டு நிக்குது. டேப்லட்டை ஆன் பண்ணி, நெட் கிடைச்ச நிமிஷம் போய் விழும்."

"ஆர்டர் போட்டப்ப, கிளம்பினப்ப வந்த மெசேஜ் எல்லாமா?"

"இல்ல. ஒரே ஆர்டரோட மெசேஜ் எல்லாம் ஒரே அடையாளத்துல போகுது. புதுசு வந்தா வரிசையில நிக்கிற பழசைத் தள்ளிட்டு அது நின்னுக்கும். இப்ப நிக்கிறது இந்தப் படம் ஒண்ணுதான்." அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதே வழியில நாமளும் இதைத் தள்ளிவிடலாம். அதே அடையாளத்துல வெத்து மெசேஜ் ஒண்ணு அனுப்பினா இது போயிடும். ஆனா ஒரு தனி ஆளுக்குக் கையால அனுப்ப நமக்கு அனுமதி இல்ல. அதைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

டிங்குவின் மூளை அப்போது ஒரு பயங்கரமான தெளிவோடு வேலை செய்தது. அந்தச் செய்தியில் என்னென்ன இருக்கிறது என்பது உலகத்தில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வரியில் விலாசம் கிடையாது. படம் செய்தியோடு ஒட்டிக்கொண்டு போவதில்லை. படம் இருக்கிற இடத்தின் முகவரி மட்டும் போகும். கருவி செய்தியை வாங்கிய பிறகு அந்த முகவரிக்குப் போய்ப் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே படத்தை முன்னாலேயே அழித்துவிட்டால் வெறும் வரிதான் வரும். ஆனால் 'இடம் பார்' பட்டன்? அது ஆப்பின் முதல் பக்கத்தைத் திறக்காது. நேரே இந்த ஆர்டரின் பக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். மேலே வரைபடம், அதில் சிவப்புப் புள்ளி. கீழே கதவு எண்ணிலிருந்து ஊர் வரை முழு விலாசம். ஒரே ஒரு தொடுதல் போதும்.

"மேப்பை முதல்ல அடைங்க அண்ணா. டேப்லட்டை லாகவுட் பண்ணுங்க."

அது அவர் கையில் இருந்த வேலை. தட்டினார், உறுதியா என்று கேட்டது, உறுதி என்றார். "முடிஞ்சுது. இனிமே பட்டனைத் தொட்டாலும் ஆர்டர் பக்கம் திறக்காது. லாகின் பண்ணச் சொல்லும்."

"படம்?"

"படத்தை அழிக்கிற உரிமை வேற குழுகிட்ட இருக்கு." அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு கையால் வெற்றுச் செய்திக்கான அனுமதியைத் திறந்துகொண்டிருந்தார். அவர் வழுக்கைத் தலையில் வியர்வை பூத்திருந்தது.

டிங்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே வரி. போன்: வாங்கியது. டேப்லட்: அனுப்பியது. 'அனுப்பியது' என்ற அந்தச் சொல் மாறாமல் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

மாறியது.

டேப்லட்: வாங்கியது.

"அண்ணா."

"பாத்தேன்."

எங்கோ தொலைவில், அவள் பத்து வருஷம் காபி போட்ட அடுக்களையில், 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். அவளே தேர்ந்தெடுத்த சத்தம். தண்ணீர் சொட்டுகிற மாதிரி இனிமையாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.

தபால்காரர் வெற்றுச் செய்தியை அனுப்பினார். அது போய், அங்கே நிற்கும் படத்தை மாற்றிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதற்குள் திரையில் இன்னொரு வரி முளைத்தது. டேப்லட்: விரித்துப் பார்த்தது. அதற்கடுத்து: 'இடம் பார்' தொட்டது.

தொட்டது ஒரு விரல். யாருடைய விரல் என்பது திரையில் வராது.

"லாகின் பக்கத்துலதான் போய் நிக்கும்மா. மேப் தெரியாது," என்றார் தபால்காரர். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அப்போது அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஒரு குறுஞ்செய்தி. உங்கள் லாகினுக்கான ஆறு இலக்க எண் இது, யாரிடமும் பகிராதீர்கள்.

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் போனைச் சூடுபட்டது மாதிரி மேசையில் போட்டாள். லாகின் பக்கம், கணக்கில் இருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டி, குறியீடு அனுப்பவா என்று கேட்கும். அங்கே உட்கார்ந்திருப்பவன் அனுப்பு என்றிருக்கிறான். அது இங்கே வந்து விழுகிறது. இத்தனை நாளாக அவளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கும் அவளுக்கும் நடுவே இப்போது ஆறு எண்கள்தான். அவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று தட்டுகிற மாதிரி இருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. இன்னொரு எண். யாரிடமும் பகிராதீர்கள்.

"எனக்குத் தெரியும் அண்ணா. இது அவர்தான். அத்தை ஒரு தடவைக்கு மேல தொட மாட்டாங்க. இவர்தான் விடமாட்டார்."

மூன்றாவது முறையும் போன் அதிர்ந்தது. தபால்காரர் அவள் கணக்கை முழுசாகப் பூட்டினார். டேப்லட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அதன்பிறகு போன் அமைதியானது. அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது.

படக் குழுவிலிருந்து இப்போதுதான் ஒருவர் திரும்பக் கூப்பிட்டார். படத்தை அழிப்பதற்கு முன் தபால்காரர் ஒன்று கேட்டார்: இதை யாராவது எடுத்தார்களா? எடுத்திருக்கிறார்கள் என்றது அந்தப் பக்கம். இரண்டு முறை. ஒன்று அவள் போன், மற்றது அந்த டேப்லட். இரண்டும் முழுசாகப் போயிருக்கிறது.

ஆக அவன் கதவைப் பார்த்துவிட்டான்.

"வெறும் கதவும்மா. எந்த ஊர்லதான் பழுப்புக் கதவு இல்ல?" என்றார் அவர்.

டிங்கு தன் போனில் படத்தைப் பெரிதாக்கினாள். புருஷன் எப்படிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் படிக்கிற மாதிரியே ஓர் ஓரத்திலிருந்து தொடங்கினாள். எண். மிதியடி. மழைத்தண்ணீர்க் குழாய். கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் எதிர்ப்பக்கத் தெரு மங்கலாகத் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளைப் பலகை, திரும்பிய எழுத்துகள். ஓரம் வெட்டியிருந்தால் அந்த ஜன்னல் படத்தில் இருந்திருக்காது.

தபால்காரர் படத்தை வாங்கி, இடவலமாகத் திருப்பினார். எதிரே இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் பெயர் நேராக வந்தது. அந்தப் பெயரை இணையத்தில் தேடினார். ஒரே ஒரு விலாசம்தான் வந்தது, அவள் தெரு. அவர் முகத்தைப் பார்த்தே அவள் எழுந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போகும்போது வழியில் நின்ற ஒவ்வொருவனும் அவனாகவே தெரிந்தான். அவன் ஊரிலிருந்து இங்கே வர ரயிலில் ஒரு முழு நாள் ஆகும் என்று புத்தி சொன்னது. முதுகு கேட்கவில்லை. வகுப்பிலிருந்து மகள் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"மேசை வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு கண்ணு. ஆனா இன்னைக்கு நாம ஒரு மாமா வீட்டுக்குப் போறோம்."

குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வேறு எதுவும் கேட்காமல் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிக் கேள்வி கேட்காமல் கையைப் பிடிக்க அவளுக்குப் பழக்கம் இருக்கிறதே என்பதுதான் டிங்குவை அன்று முதன்முதலாக அழவைத்தது.

தபால்காரர் மனைவி இருவருக்கும் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் ஆய்வாளர் கோர்ட்டு உத்தரவைப் படித்தார். தபால்காரர் சர்வர் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்த தாளையும் பார்த்தார்.

"ஒரு கதவுப் படம் போயிருக்கு. அதுக்கா இவ்வளவு பயப்படுறீங்க?"

டிங்கு தன் போனை எடுத்து மூன்று குறுஞ்செய்திகளையும் காட்டினாள். "இதை நான் கேக்கல மேடம். அவர் கேட்டது. முதல்ல ஒண்ணு. வரலைன்னதும் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. உள்ள நுழையணும்னு."

ஆய்வாளர் குறுஞ்செய்திகளை மறுபடி பார்த்தார். தாளில் இருந்த நேரங்களோடு ஒத்துப் பார்த்தார். முகம் மாறியது. "சத்தம் போடாத ஆளா?"

"போடவே மாட்டார்."

"அப்ப வருவான்," என்றார். புகாரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆய்வாளரே அந்தத் தெருவுக்குப் போய், மேல்வீட்டுக்காரரிடமும் எதிரே பல் ஆஸ்பத்திரியிலும் சொல்லிவைத்தார். டிங்கு வேலைக்குப் போகவில்லை. தபால்காரர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு கீழே விழுந்தால் துள்ளினாள். போன் அதிர்ந்தால் துள்ளினாள். எல்லா ஆப்பின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் தொடையில் போன் அதிர்கிற மாதிரியே இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அவன் வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, நல்ல மனுஷன் மாதிரி பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தன் போனை நீட்டினான். வெற்றுச் செய்தி போய் டேப்லட்டில் படத்தை மாற்றியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அவன் டேப்லட் திரையைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான். பழுப்புக் கதவு, அட்டைப்பெட்டி, கீழே அந்த இரண்டு பட்டன்கள்.

"என் மனைவிக்கு மேசை அனுப்பியிருந்தேன். இந்தக் கதவு எதுன்னு தெரியுமா? பக்கத்துலதான் இருக்கணும்," என்று மரியாதையாகக் கேட்டானாம்.

அந்தப் பெண்ணுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் தன்பாட்டில் பழக்கதோஷத்தில் பேசியது. "டோக்கன் போட்டு உக்காருங்க சார். டாக்டருக்கு இந்தத் தெருவுல எல்லாரையும் தெரியும். இதோ கேட்டுச் சொல்றேன்." அவன் டோக்கன் வாங்கிக்கொண்டு, பல்வலிக்காரர்கள் நடுவே ஒழுங்காக உட்கார்ந்தான். அவள் உள்ளே போய்ப் போன் செய்ய, அவன் எண் வருவதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார்.

கோர்ட்டு உத்தரவை மீறியதற்காக அவனைப் பிடித்துப் போனார்கள். போனிலிருந்த படமும், மூன்று முறை குறியீடு கேட்ட பதிவும் அவனுக்கு எதிராக நின்றன. விசாரணைக்கு மாமியாரைக் கூப்பிட்டபோது அவள் அழுதாளாம். டேப்லட் பல மாதமாக அலமாரியில் கிடந்திருக்கிறது. அன்றைக்கு மதியம் பொழுது போகவில்லை என்று சார்ஜ் போட்டு ஆன் பண்ணியிருக்கிறாள். ஆன் பண்ணியதும் மேலே வந்து நின்றது அதுதான். "மேசை வந்திருக்குன்னு இருந்துச்சு. பேத்திக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன். புள்ள உயிரோட எங்கயோ நல்லா இருக்குன்னு சந்தோஷத்துல அவன்கிட்ட காட்டிட்டேன்," என்று சொன்னாளாம். டிங்குவுக்கு அந்தக் கிழவிமேல் கோபம் வரவில்லை. தன்னுடைய வரியைப் படித்து உலகத்திலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்ப வேலைக்கு வந்த வாரத்தில் கூட்டம் நடந்தது. எண்ணை மாற்றினால் மற்ற கருவிகள் எல்லாம் தானாக வெளியேறவேண்டும் என்றாள். எந்தெந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் காட்டவேண்டும், ஒரே தொடுதலில் நீக்க முடியவேண்டும். வாசல் படம் செய்தியோடு வரக்கூடாது. லாகின் உள்ளவர்கள் ஆப்பைத் திறந்து பார்க்கட்டும்.

"படம் இருந்தாத்தான் ஜனங்க தொடுறாங்க. படத்தை எடுத்தா எண்ணிக்கை படுத்துடும்," என்றார் மேலாளர். கெட்ட மனுஷர் இல்லை. மாற்றல் கொடுத்தவரே அவர்தான். "உங்களுக்கு நடந்தது நூத்துல ஒருத்தருக்கு நடக்குமா?"

"நாம எத்தனை பேருக்கு அனுப்புறோம் சார்?" என்றாள் டிங்கு.

அவர் பேனாவை மூடித் திறந்தார். மூடித் திறந்தார். கடைசியில் கருவிப் பட்டியலும் தானாக வெளியேறுவதும் நடந்தன. வாசல் படத்தை மொத்தமாக எடுக்கவில்லை. வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மட்டும் வரும் என்று வைத்தார்கள். அவள் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. வாசல் படத்துக்கான வரியை எழுத உட்கார்ந்தால் விரல் ஓடுவதில்லை என்று சொல்லி, அந்த ஒரு செய்தியை மட்டும் வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

வீடு மாறினார்கள். இந்தத் தடவை மூன்றாவது மாடி. பழைய வீட்டைக் காலி செய்ய அவள் போகவில்லை. தபால்காரரும் அவர் மனைவியும் போய்ச் சாமான்களை ஏற்றிவந்தார்கள். அவன் உள்ளே இருக்கிறான், ஆனால் என்றைக்காவது வெளியே வருவான். அதற்குள் குழந்தைக்கு எத்தனை வயது ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள். படிக்கட்டில் அறிமுகமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவள் கை முதலில் போகிற இடம் மணிக்கட்டுதான்.

புது வீட்டில் தபால்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்து மேசையை மாட்டிக் கொடுத்தார். ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. எங்கே போடவேண்டியது என்று அவருக்கும் தெரியவில்லை. மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நோட்டை விரித்து, உள்ளங்கையால் மேசையைத் தடவிப் பார்த்தாள். மாமா போன பிறகுதான் கேட்டாள்.

"அம்மா, அப்பா இந்த மேசையைப் பாத்தாரா?"

இதை இவளுக்கு யார் சொன்னார்கள் என்று டிங்குவுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பாத்தார் கண்ணு. படத்துல. பெட்டியைத்தான் பாத்தார்."

"உள்ள என்ன நிறம்னு அவருக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"சரி," என்றாள். பென்சிலைச் சீவி, மேல்வரியில் தேதியைப் போட்டு, கணக்கு எழுத ஆரம்பித்தாள். டிங்கு கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.